அலங்காரத்தை எடுத்துவிட்டால் மறைந்துகொள்ள இடமில்லை

கேள்வி: மினிமலிஸ்ட் ஃபேஷன் என்றால் வெள்ளை, கறுப்பு, சாம்பல் நிறத்தில் டிசைன் எதுவும் இல்லாமல் போடுவதுதானே? ஒரு வருஷமாக அப்படித்தான் பார்த்துப் பார்த்து வாங்குகிறேன், ஆனால் போட்டால் ஆபீஸ் யூனிஃபார்ம் மாதிரி இருக்கிறது. எதை வைத்துத்தான் ஒரு உடையை மினிமலிஸ்ட் என்கிறார்கள்?

நிறம் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம், நீங்கள் அதிலிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள். கடையில் முதலில் கண்ணில் படுவது அதுதான் என்பதால் எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

நான் ஏற்றுமதி உடைகளுக்குப் பேட்டர்ன் போடுகிற வேலையில் பல வருஷம் இருந்தவன். ஒரு சீசனில் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு கவுன் சாம்பிள் அனுப்பினோம். ஒன்றில் கழுத்தைச் சுற்றி எம்பிராய்டரி, இடுப்பில் பெல்ட், கீழே லேஸ். இன்னொன்று கையில்லாத, கழுத்தில் ஒரு பொட்டுகூட இல்லாத, முட்டி வரைக்குமான கருநீல கவுன். எம்பிராய்டரி கவுன் முதல் சாம்பிளிலேயே பாஸ். சும்மா ஒரு மணி நேரத்தில் தைத்துவிடலாம் என்று நாங்கள் நினைத்த அந்த நீலக் கவுன் நாலு தடவை திரும்பி வந்தது. கழுத்தின் உள்பட்டை இரண்டு மில்லிமீட்டர் வெளியே எட்டிப் பார்க்கிறது, முதுகு ஜிப் அலை அடிக்கிறது, பக்கத் தையல் நேராக இறங்காமல் கொஞ்சம் முன்பக்கம் சாய்கிறது. இதே பக்கத் தையல் கோளாறு எம்பிராய்டரி கவுனிலும் இருந்தது, பேட்டர்ன் ஒன்றுதான். அங்கே யாரும் அதைப் பார்க்கவே இல்லை, கண் நேராகக் கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

அலங்காரம் அழகுக்காக வைப்பதுதான், ஆனால் அது இன்னொரு வேலையும் செய்கிறது, பார்வையை ஒரு இடத்துக்கு இழுத்து மற்ற இடத்தை மறைக்கிறது. அதை எடுத்துவிட்டால் வெட்டு, துணி, தையல் மூன்றும்தான் மிச்சம், அந்த மூன்றும் அலங்காரத்தின் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். அவை அதைச் செய்தால் அது மினிமலிஸ்ட். செய்யாமல், வெறுமனே அலங்காரம் மட்டும் இல்லாமல் இருந்தால் அது பிளெயின் துணி. உங்கள் யூனிஃபார்ம் பிரச்சினை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பேச்சு வந்தால் எல்லாரும் காட்டுகிற ஒரு உடை உண்டு, அதையே எடுத்துக்கொள்வோம். 1996 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கம்பர்லாந்து தீவில் ஒரு சின்ன மரத் தேவாலயத்தில் கரோலின் பெஸ்ஸெட்டுக்கும் முன்னாள் ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியருக்கும் கல்யாணம் நடந்தது. மணப்பெண்ணின் உடையைச் செய்தவர் அவருடைய நண்பர் நார்சிஸோ ரோட்ரிகஸ். பட்டு கிரேப் துணி, முத்து வெள்ளை, மெல்லிய தோள் பட்டை. லேஸ் இல்லை, மணி இல்லை, பெரிய குடைப் பாவாடை இல்லை. அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து வருஷம் மேல்நாட்டு மணப்பெண்கள் பலூன் கையும் பல மீட்டர் வாலுமாகத் திரிந்த காலம் என்பதால் இது எல்லார் கண்ணிலும் பட்டது. ஃபோட்டோவில் பார்த்தால் ஒரு உள்பாவாடையை நீட்டித் தைத்த மாதிரி இருக்கும், "இதில் என்ன பெரிய வேலை?" என்று தோன்றும்.

வேலை கிராஸில் இருக்கிறது. நம் ஊரில் பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர்களுக்கு கிராஸ் கட் என்றால் தெரியும், துணியை நெடுக்கு நூலோடு நேராக வைக்காமல் 45 டிகிரி சாய்த்து வெட்டுவது. நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் தனித்தனியாக இழுத்தால் அவ்வளவாக நீளாது, ஆனால் மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள், கைக்குட்டையிலேயே தெரியும், சதுரம் சாய்சதுரமாகி நன்றாக நீளும். பிளவுஸில் இதை மார்புப் பகுதி ஒட்டி உட்காருவதற்காகச் செய்கிறோம். முழு கவுனையும் இப்படி வெட்டினால் துணி தன் எடையிலேயே கீழே இறங்கி உடம்பின் வளைவை ஒட்டிப் படியும், வளைவுக்காகத் துணியைப் பிடித்துத் தைக்கும் டார்ட் அதிகம் வேண்டாம், ஜிப்கூட இல்லாமல் தலைவழியாகப் போட்டுக்கொள்ளலாம். பாரிசில் டிசைனர் மாட்லேன் வியோனே 1920களிலேயே இதைக் கரைத்துக் குடித்துவிட்டார். ஆக, அந்தக் கல்யாண உடையில் புதிது எதுவும் இல்லை, பழைய ஒரு நுட்பம் முழுச் சுமையையும் தாங்கி நின்றது, அவ்வளவுதான்.

ஆனால் கிராஸில் வெட்டிய துணி அடங்காது. நாலு பக்கமும் ஒரே மாதிரி இறங்காது, நெடுக்கு நூல் ஒரு வலிமை, குறுக்கு நூல் ஒரு வலிமை என்பதால் சில இடத்தில் ஒரு சென்டிமீட்டர் இறங்கும், சில இடத்தில் மூன்று. அதனால் தைத்த உடனே கீழ் மடிப்பை அடிக்கக் கூடாது, பொம்மையில் மாட்டி குறைந்தது ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, துணி இறங்க வேண்டியதெல்லாம் இறங்கிய பிறகு தரையிலிருந்து அளந்து வெட்டி மடிக்க வேண்டும். துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டாக வெட்டினால் அடித் துணி நழுவிவிடும், ஒற்றை அடுக்காக விரித்துத்தான் வெட்ட வேண்டும். இடது பாதியும் வலது பாதியும் ஒரே கோணத்தில் இல்லையென்றால் நடக்க நடக்க உடை காலைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். துணியும் நேர் வெட்டைவிடக் கணிசமாக அதிகம் பிடிக்கும். இவ்வளவும் செய்து முடித்த பிறகு வெளியே தெரிவது ஒன்றுமே இல்லை! கடையில் மலிவு விலை சாட்டின் ஸ்லிப் கவுன் தொங்கும் பாருங்கள், அதன் பக்கத் தையல் நெளிந்து நெளிந்து சுருங்கியிருக்கும், கீழ்விளிம்பு ஒரு பக்கம் தூக்கியிருக்கும். நிறமும் வடிவமும் கரோலின் போட்டதுதான், தொங்கவிட்ட ஒரு நாள்தான் இல்லை.

வெட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்வதன் அர்த்தமும் இதிலிருந்து கொஞ்சம் தெளியும். கோடு குறைவாக இருப்பது என்று மட்டும் இல்லை, இருக்கிற கோடு ஒவ்வொன்றும் வேலை செய்ய வேண்டும். உடம்பு தட்டையானதல்ல, துணி தட்டையானது, எங்காவது துணியைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். சாதாரணமாக அங்கே டார்ட் பிடிப்போம், அக்குளுக்குக் கீழே ஒரு சாய்ந்த கோடாக அது தெரியும். மினிமலிஸ்ட் வெட்டில் அந்த டார்ட்டை, ஏற்கெனவே இருந்தே ஆக வேண்டிய ஒரு தையலுக்குள் திருப்பிவிடுவார்கள், உதாரணமாகத் தோளிலிருந்து கீழே ஓடும் நீளத் தையலுக்குள் அல்லது தோளுக்குக் கீழே வரும் யோக் துண்டின் தையலுக்குள். இரண்டு கோடு இருந்த இடத்தில் ஒன்று. இன்னொரு வழி, டார்ட்டே இல்லாமல் உடையை உடம்பிலிருந்து விலக்கி நிறுத்துவது, டிசைனர் ஃபீபி ஃபைலோ 2010 வாக்கில் செலின் பிராண்டில் கொண்டுவந்த பெட்டி மாதிரியான மேலுடைகள் இந்த ரகம். ஆனால் விலகி நிற்க வேண்டுமானால் துணிக்குத் தெம்பு வேண்டும், தொளதொள துணியில் அதைத் தைத்தால் இரவல் வாங்கிப் போட்ட சட்டை மாதிரிதான் இருக்கும்.

துணி என்றதும் ஜெர்மன் டிசைனர் ஜில் சாண்டரைச் சொல்லாமல் முடியாது. 1990களின் மினிமலிசத்துக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் அவர்தான். ஹாம்பர்க்கில் 1960களின் கடைசியில் கடை ஆரம்பித்தவர், அதற்கு முன் கிரேஃபெல்டில் ஜவுளிப் பொறியியல் படித்தவர், இது சும்மா ஒரு வாழ்க்கைக் குறிப்பு இல்லை, அவர் டிசைனை வரைபடத்திலிருந்து இல்லாமல் துணியிலிருந்து ஆரம்பித்தார் என்பதற்கு அதுதான் காரணம். 1999இல் அவர் கம்பெனியின் பெரும்பங்கை இத்தாலிய நிறுவனமான பிராடா வாங்கியது, சில மாதத்திலேயே அவர் வெளியேறினார். தரமான, விலை உயர்ந்த துணி வேண்டும் என்று அவர் நின்றதும் செலவைக் குறைக்க அவர்கள் நினைத்ததும் ஒத்துப்போகவில்லை என்று அப்போது பரவலாகவே எழுதினார்கள். பூ வேலை செய்கிற டிசைனராக இருந்தால் துணியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு பூவைக் கூட்டிச் சமாளித்திருக்கலாம்.

இந்த வகைக் கோட்டுகளில் ஒரு வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் துணியும் தையலும் எப்படி ஒன்றாகின்றன என்று தெரியும். டபுள் ஃபேஸ் என்று ஒரு கம்பளித் துணி, இரண்டு மெல்லிய துணிகளை முதுகோடு முதுகாக வைத்து இடையில் பொடி நூலால் பிணைத்து நெய்தது. கோட்டு தைக்கும்போது ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டருக்கு அந்தப் பிணைப்பு நூலை அறுத்து இரண்டு அடுக்கையும் பிரிக்கிறார்கள். வெளி அடுக்கை மெஷினில் இணைக்கிறார்கள், உள் அடுக்கின் இரண்டு விளிம்பையும் உள்ளே மடித்துக் கையால் ஊசி தெரியாமல் தைத்து மூடுகிறார்கள். முடிந்தால் உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி, லைனிங் கிடையாது, பிசிறு கிடையாது, தையல் இருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய பள்ளம் மட்டும். ஒரு கோட்டுக்குள் எத்தனை மீட்டர் தையல் ஓடுகிறது என்று கணக்குப் போட்டால் விலை ஏன் அப்படி என்பது புரியும். (விலை முழுக்க அதற்குத்தான் என்று நான் சொல்லவில்லை, பெயருக்கும் நிறைய போகிறது.)

சரி, இப்போது நிறம். ஏன் அடங்கிய நிறம்? பளிச்சென்ற சிவப்பில் ஒரு கோட்டைப் பார்த்தால் முதலில் சிவப்பைத்தான் பார்ப்பீர்கள், அப்புறம்தான் தோளின் கோடு, மடிப்பின் நிழல் எல்லாம். நிறம் கத்தினால் வெட்டு பேசுவது கேட்காது. ஆனால் அடங்கிய நிறங்கள் எல்லாம் ஒன்றல்ல, இது பலர் கவனிக்காத விஷயம். கறுப்பு நிழலை விழுங்கிவிடும், தையலும் மடிப்பும் தெரியாது, வெளிக்கோடு மட்டும்தான் தெரியும், அதனால் தைப்பவனுக்குக் கறுப்பு ஒரு சலுகை. வெள்ளையும் தந்த நிறமும் நேர் எதிர், ஒவ்வொரு தையலும் நிழல் விடும், உள்ளே மடித்த துணி வெளியே கோடாகத் தெரியும், வெள்ளைப் பேண்ட்டில் பாக்கெட் பை முக்கோணமாக எட்டிப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் இருக்கும் சாம்பல், ஒட்டக நிறம் இவற்றில்தான் மடிப்பு அழகாக விழும், துணியின் நெசவும் தெரியும்.

இன்னொன்று, கறுப்பு என்று ஒரு நிறம் கிடையாது. ஒரு கறுப்பு செம்மண் சாயலில் போகும், ஒன்று பச்சையில், ஒன்று நீலத்தில். கடை டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்த கறுப்புச் சட்டையும் கறுப்புப் பேண்ட்டும் வெயிலில் வந்தால் சண்டை போடும். ஒரே உடைக்குள்ளேயே இது நடக்கும், சாயத் துணி ரோலின் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் மெல்லிய வித்தியாசம் வர வாய்ப்பு உண்டு, நடுவில் வெட்டிய முன்பக்கமும் ஓரத்தில் வெட்டிய கையும் சேரும்போது தோள் தையலில் ஒரு படி மாதிரி தெரியும். பிரிண்ட் துணியில் இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கறுப்பு போட்டாலே மினிமலிசம் ஆகிவிடாது என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன். 1981இல் பாரிசுக்கு வந்த ஜப்பானிய டிசைனர்கள் ரேய் கவகுபோவும் யோஜி யமமோட்டோவும் கறுப்பாகவே காட்டினார்கள், ஆனால் கவகுபோ அடுத்த வருஷம் காட்டிய பிரபலமான ஸ்வெட்டர் ஓட்டை ஓட்டையாக இருந்தது. நிறம் அடக்கம், உடை அடக்கமே இல்லை, அது வேறு வழி.

அலங்காரம் இல்லை என்பதைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை, பட்டனை மூடுபட்டைக்குள் ஒளித்து வைப்பது, ஜிப்பைத் தையலுக்குள் புதைப்பது, பாக்கெட்டைப் பக்கத் தையலிலேயே திறப்பது, லோகோ வைக்காமல் இருப்பது. வேடிக்கை என்னவென்றால், பெல்ஜிய டிசைனர் மார்ட்டின் மார்ஜேலா பெயரே இல்லாத வெள்ளை லேபிளை நாலு மூலையில் நாலு தையல் போட்டு வைத்தார், அந்த நாலு வெள்ளைத் தையல் முதுகுப் பக்கம் வெளியே தெரியும், கொஞ்ச நாளில் அதுவே தெரிந்தவர்கள் அடையாளம் காணும் லோகோ ஆகிவிட்டது.

உங்கள் சட்டைகளுக்கு வருவோம். வெள்ளை காட்டன் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். சட்டை முழுக்க மேலே ஏறி பேண்ட்டிலிருந்து வெளியே வந்தால் கை இணையும் வளைவான ஆர்ம்ஹோல் கீழே இருக்கிறது என்று அர்த்தம். எல்லா உடம்புக்கும் நுழைய வேண்டும் என்று பெரும்பாலான ரெடிமேட் சட்டைகளில் ஆர்ம்ஹோலைத் தாழ்த்தி, அக்குளில் துணியை விட்டுத்தான் வெட்டுகிறார்கள், கையை இறக்கினால் அந்தத் துணி மார்புப் பக்கம் கொத்தாக மடியும். கட்டம் போட்ட சட்டையில் அது தெரியாது. வெள்ளையில் அது ஒன்றுதான் தெரியும், யூனிஃபார்ம் தோற்றத்துக்குப் பாதிக் காரணம் இதுவே.

அப்புறம் காலரைப் பாருங்கள். உள்ளே ஒட்டுகிற ஃபியூசிங் மலிவாக இருந்தால் நாலைந்து துவைப்பில் சின்னச் சின்னக் கொப்புளம் எழும்பும், அயர்ன் பண்ணப் பண்ண இன்னும் மோசமாகும். பட்டன் பட்டையின் ஓரத் தையலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், சுருக்கம் சுருக்கமாக இருந்தால் தைக்கும்போது நூலை அதிகம் இறுக்கியிருக்கிறார்கள், இழுபட்ட நூல் பிறகு தளர்ந்து பழைய நீளத்துக்குத் திரும்பும்போது துணியையும் சேர்த்துச் சுருக்குகிறது. ஒரு அங்குலத்துக்குள் தையலை எண்ணுங்கள், சாதாரண சட்டையில் பத்துப் பன்னிரண்டு இருக்கும், நல்ல சட்டையில் 18க்கு மேல்கூட இருக்கும், பொடித் தையல் நேர்க்கோடாகத் தெரியும், பெரிய தையல் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். கடைசியாகப் பக்கத் தையல், துவைத்துக் காய்ந்த சட்டையில் அது வயிற்றுப் பக்கமோ முதுகுப் பக்கமோ திரும்பியிருந்தால் துணி நூல் நேருக்கு வெட்டப்படவில்லை. டீ-ஷர்ட்டில் இது இன்னும் அதிகம், அங்கே பின்னல் துணியே முறுக்கிக்கொள்ளும்.

நிறைய பணம் போட்டால்தான் இதெல்லாம் கிடைக்கும் என்று இல்லை. சாண்டரே 2009இல் யூனிக்ளோவோடு சேர்ந்து பிளஸ் ஜே என்று மலிவு விலையில் ஒரு வரிசை செய்தார், அதில் துணியில் விட்டுக்கொடுத்ததை வெட்டில் பிடித்துக்கொண்டார், பழைய சட்டைகளை இன்றும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எதில் விட்டுக்கொடுக்கலாம் என்று தெரிந்தால் போதும். ஆனால் பராமரிப்பில் விட்டுக்கொடுக்க முடியாது, பூப்போட்ட சட்டையில் சாம்பார் கறை தெரியாது, கசங்கினாலும் பரவாயில்லை, இதில் ஒரு மஞ்சள் அக்குள் கறையோ வெளுத்த காலரோ வந்தால் உடை அன்றோடு முடிந்தது.

இருக்கிற சட்டைகளை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். நீளம், கை நீளம், பக்கவாட்டுத் தளர்வு இந்த மூன்றையும் தெருமுனை டெய்லரே சரிசெய்துவிடுவார், பக்கத்தில் பிடிக்கும்போது அக்குளிலிருந்து கீழ்விளிம்பு வரை ஒரே சீராகப் பிடிக்கச் சொல்லுங்கள், இடுப்பில் மட்டும் பிடித்தால் கீழே குடை மாதிரி விரியும். தோள் தையல் உங்கள் தோள் எலும்பைத் தாண்டி இறங்குகிறது என்றால் கையைப் பிரித்து மறுபடி வைக்க வேண்டும், செலவைப் பார்த்தால் புதுச் சட்டையே வாங்கலாம். ஆர்ம்ஹோலைத் தாழ்த்த முடியும், ஏற்ற முடியாது, வெட்டி எடுத்த துணி திரும்ப வராது. அதனால் இனி கடைக்குப் போனால் டிரையல் ரூமில் முதலில் கையைத் தூக்கிப் பாருங்கள், அப்புறம் சட்டையை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் நிறம் பாருங்கள், விலைச் சீட்டைப் பார்ப்பது அதற்குப் பிறகு.